‘கொலாப்’ என்று போட்டுவிட்டால் போதுமா?

சின்ன டெக் சேனல் நடத்துகிறவர்கள் நடுவே ஒரு கருத்து ஏறக்குறைய சட்டம் போலவே நிலைத்துவிட்டது. கம்பெனி கொடுத்த பணத்துக்கோ பொருளுக்கோ ரிவ்யூ செய்கிறாயா? டிஸ்கிரிப்ஷனில் #collab என்று போட்டுவிடு. யூடியூப் கேட்கிற கட்டத்தில் டிக் அடித்துவிடு. மனசு கேட்காவிட்டால் வீடியோவின் கடைசியில், “இது ஸ்பான்சர்டு வீடியோதான், ஆனா கருத்து முழுக்க முழுக்க என்னோடது” என்று ஒரு வரி சொல்லிவிடு. அதற்கு மேல் வாயைத் திறப்பது சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது.

இப்படிச் சொல்கிறவர்கள் யாரும் மோசடிக்காரர்கள் இல்லை. அவர்கள் தரப்பை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். ஐயாயிரம், எட்டாயிரம் சந்தாதாரர்கள் உள்ள சேனலுக்கு யூடியூப் தரும் விளம்பர வருமானம் ஒரு நல்ல மைக் வாங்கக்கூடக் காணாது. சந்தைக்கு வருகிற ஒவ்வொரு இயர்பட்ஸையும் பவர் பேங்கையும் சொந்தப் பணத்தில் வாங்கிச் சோதிக்க அவர்களால் முடியாது. கம்பெனி அனுப்பினால்தான் தமிழில் அந்தப் பொருளைப் பற்றி ஒரு வீடியோவாவது வரும். ‘ஸ்பான்சர்’ என்ற சொல் காதில் விழுந்ததும் பார்க்கிறவர் அடுத்த வீடியோவுக்குத் தாவுகிறார். பணம் வாங்கிய ஒரே காரணத்துக்காக ஒருவர் பொய்தான் சொல்வார் என்று எடுத்துக்கொள்வதும் நியாயமில்லை.

இவற்றில் பலவற்றை நான் ஒப்புக்கொள்கிறேன். பணம் வாங்கி ரிவ்யூ செய்வதே பாவம் என்று வாதிட நான் வரவில்லை. ஆனால் இந்தத் தரப்பு அறிவிப்பை ஒரு முத்திரையாக, குத்திவிட்டு நகர்ந்துவிடக்கூடிய ஒன்றாக நினைக்கிறது. கம்பெனிக்கும் வீடியோ செய்தவருக்கும் இடையில் என்ன கைமாறியது, அந்த வீடியோவின் மேல் கம்பெனிக்கு என்ன பிடி இருந்தது, இந்த இரண்டும் பார்க்கிறவருக்குப் புரிந்தால்தான் அது அறிவிப்பு. புரிய வைத்த பிறகும் வேலை முடிவதில்லை. வீடியோவில் பேசும் ஒவ்வொரு வாக்கியமும் அதற்கு உட்பட்டு நடக்க வேண்டும்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமலிருக்க ஒரு உதாரணத்தை வைத்துக்கொள்வோம். 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்று. கம்பெனி அதையும் ஆறாயிரம் ரூபாயையும் ஒரு சின்ன சேனலுக்குத் தருகிறது. நிபந்தனைகள் மூன்று: வெளியிடும் முன் வீடியோவைக் காட்ட வேண்டும், வேறு பிராண்டோடு ஒப்பிடக் கூடாது, “5,000 எம்ஏஎச் போனை நான்கு தடவை முழுசா சார்ஜ் பண்ணலாம்” என்ற வரி இடம்பெற வேண்டும். உதாரணம் நான் அமைத்ததுதான். ஆனால் இத்தகைய நிபந்தனைகள் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குப் புதிதல்ல.

1. “நான் சின்ன ஆள், விதியெல்லாம் பெரிய சேனல்களுக்கு.”

எந்த விதியில் அப்படி இருக்கிறது? இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சிலான ஆஸ்கி, இன்ஃப்ளூயன்சர்களுக்கான வழிகாட்டு நெறிகளை 2021 மே மாதம் வெளியிட்டது. ஜூன் 14 முதல் அவை நடைமுறைக்கு வந்தன. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் தன் பங்குக்கு ஒரு கையேடு வெளியிட்டது. இத்தனை ஆயிரம் சந்தாதாரர்களுக்குக் கீழே இருந்தால் விலக்கு என்று இரண்டிலும் இல்லை. பார்வையாளரின் வாங்கும் முடிவை மாற்றக்கூடியவர் யாராக இருந்தாலும் அவை பொருந்தும்.

விதியை விட்டுவிட்டு நியாயத்தையே பார்த்தாலும் இந்த வாதம் தலைகீழாக நிற்கிறது. பத்து லட்சம் பேர் பார்க்கும் சேனலில் ஒரு போனைப் பார்க்கிறவர், கம்பெனிதான் அனுப்பியிருக்கும் என்று கேட்காமலே ஊகித்துவிடுவார். எட்டாயிரம் பேர் உள்ள சேனலைப் பார்க்கிறவர் அப்படி நினைப்பதில்லை. வீட்டு மேஜையில் வைத்துப் பேசும் அந்தப் பையன் தன் காசில் வாங்கித்தான் பேசுகிறான் என்று நம்புகிறார். அந்த நம்பிக்கைக்காகத்தான் கம்பெனியும் சின்ன சேனலைத் தேடி வருகிறது. ஆகவே மறைப்பதால் விளையும் ஏமாற்று, பெரிய சேனலைவிடச் சின்ன சேனலில்தான் அதிகம்.

2. “காசு வாங்கவில்லை, பொருள்தானே வாங்கினேன்.”

வருமான வரித்துறை இதை ஒப்புக்கொள்ளவில்லை. 2022 ஜூலை 1 முதல், தொழில் தொடர்பாக ஒருவருக்குக் கிடைக்கும் பொருளும் சலுகையும் ஆண்டுக்கு இருபதாயிரம் ரூபாயைத் தாண்டினால், கொடுப்பவர் பத்து சதவீத வரியைப் பிடித்துக் கட்ட வேண்டும் என்ற விதி வந்தது. அதை விளக்கி வெளியான சுற்றறிக்கை சமூக ஊடகக்காரர்களைத் தனியாகவே எடுத்துக்கொண்டது. விளம்பரத்துக்காகத் தந்த பொருளைப் பயன்படுத்திவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் அது ஆதாயம் ஆகாது. தன்னிடமே வைத்துக்கொண்டால் ஆதாயம். வரிக்கணக்கில் வருமானமாக ஏறும் பொருள், பார்வையாளரிடம் பேசும்போது மட்டும் ஒன்றுமில்லாததாக ஆகிவிடுமா?

அந்தச் சுற்றறிக்கை காட்டும் வேறுபாடு, அறிவிப்பு எழுதுகிறவருக்கும் நல்ல வழிகாட்டி. “ரிவ்யூவுக்காக அனுப்பினாங்க” என்று சொன்னால் பாதிதான் தெரிகிறது. திரும்பிப் போகும் பொருளா, வீட்டிலேயே தங்கும் பொருளா என்பதைச் சொன்னால்தான் பார்க்கிறவரால் எடை போட முடியும். பதினைந்து நாளில் திருப்ப வேண்டிய அறுபதாயிரம் ரூபாய் லேப்டாப்பைவிட, தன்னிடமே தங்கிவிடும் இரண்டாயிரம் ரூபாய் பொருள் ஒருவரை அதிகம் கட்டிப்போடும்.

3. “டிஸ்கிரிப்ஷனில் போட்டாச்சு, டிக்கும் அடிச்சாச்சு.”

யார் பார்த்தார்கள்? டிஸ்கிரிப்ஷன் பெட்டி மூடியே இருக்கிறது. தொட்டுத் திறந்தால்தான் முழுதாகத் தெரியும். பத்துப் பன்னிரண்டு ஹேஷ்டேக்குகளுக்கு நடுவே #collab என்று ஒன்று கிடந்தால், அதைத் தேடிப் படிக்க யாருக்கும் காரணம் இல்லை. ஹேஷ்டேக் குவியலுக்குள் அறிவிப்பைக் கலக்கக் கூடாது என்று நுகர்வோர் துறைக் கையேடு சொல்வதும் இதனால்தான். வீடியோ என்றால் அறிவிப்பு வீடியோவுக்குள்ளேயே, எழுத்திலும் பேச்சிலும் வர வேண்டும் என்கிறது அது.

டிக் அடித்தால் Includes paid promotion என்ற வாசகம் தொடக்கத்தில் பத்து விநாடி தெரிந்து மறையும். அந்தப் பத்து விநாடியும் பெரும்பாலும் சேனலின் அறிமுக இசையிலேயே போய்விடும். வீடியோவின் நடுவிலிருந்து பார்க்கத் தொடங்கியவருக்கு அதுவும் கிடையாது. டிக் அடிக்கத்தான் வேண்டும். ஆனால் அது யூடியூப் கேட்கும் அறிவிப்பு. பார்வையாளரிடம் நீங்கள் சொல்ல வேண்டியது பாக்கி நிற்கிறது. ஆஸ்கி நெறிப்படி இரண்டு நிமிடமோ அதற்கு மேலோ ஓடும் வீடியோவில், அந்தப் பொருளைப் பற்றிப் பேசும் பகுதி முழுக்க அறிவிப்பு திரையில் நிற்க வேண்டும். பதினைந்து விநாடிக்கு உட்பட்ட துண்டு வீடியோவில் குறைந்தது மூன்று விநாடி. பவர் பேங்க் பற்றிய எட்டு நிமிட வீடியோ என்றால், திரையின் ஒரு மூலையில் ‘பணம் பெற்ற விளம்பரம்’ என்பது எட்டு நிமிடமும் இருக்கும். பார்க்க அழகாக இருக்காது என்பார்கள். ஒரு மூலையில் மூன்று சொல் நிற்பதால் கெட்டுப்போகிற வீடியோ எதையும் நான் பார்த்ததில்லை.

வாசகத்துக்கு வருவோம். நம் சேனல்களில் புழங்குபவை இவை: “கம்பெனியோட சேர்ந்து பண்ற வீடியோ”, “அவங்களுக்குப் பெரிய நன்றி”, “இந்த வீடியோவைச் சாத்தியமாக்கியது”, “அன்போடு அனுப்பி வச்சாங்க”. பணம் கைமாறியதா என்பது இவற்றில் எதிலிருந்தும் தெரியாது. நன்றி சொல்வது மரியாதை, தகவல் ஆகாது. எல்லாரும் சொல்லும் “கருத்து முழுக்க என்னோடது” என்ற வரி இன்னும் மோசம். நம் உதாரணத்தில் கம்பெனி முன்கூட்டியே வீடியோவைப் பார்த்திருக்கிறது, ஒப்பிடாதே என்று தடுத்திருக்கிறது, ஒரு வரியை எழுதியே கொடுத்திருக்கிறது. இதற்குப் பிறகும் அந்த வரியைச் சொன்னால் அது பொய்.

என்ன சொல்லலாம்? முதல் முப்பது விநாடிக்குள், பொருளைப் புகழ ஒரு வார்த்தை வரும் முன்பே, பேசுகிற தமிழிலேயே இப்படி:

“இந்த வீடியோவுக்கு இந்தக் கம்பெனி எனக்குப் பணம் கொடுத்திருக்கு. இந்தப் பவர் பேங்கும் அவங்க கொடுத்ததுதான், இது என்கிட்டயே இருக்கும். நீங்க பார்க்குறதுக்கு முன்னாடி அவங்க இந்த வீடியோவைப் பார்த்துட்டாங்க. வேற பிராண்டோட ஒப்பிடக் கூடாதுன்னு கேட்டிருக்காங்க, அதனால இதுல ஒப்பீடு இருக்காது.”

நிதானமாகச் சொன்னாலும் அரை நிமிடம் ஆகாது. எவ்வளவு பணம் என்பதைச் சொல்ல வேண்டுமா என்று கேட்பார்கள். நெறிகள் அதைக் கேட்கவில்லை, நானும் கட்டாயம் என்று சொல்லமாட்டேன். பணமும் பொருளும் வந்தன, வீடியோவில் கம்பெனியின் கை எதுவரை நீண்டது என்ற இரண்டும் தெரிந்தால் பார்க்கிறவருக்குப் போதும். கீழே உள்ள லிங்க்கில் வாங்கினால் கமிஷன் வரும் என்றால் அதை லிங்க்கைக் காட்டும் இடத்தில் சொல்லுங்கள். அது வேறு வரவு. முதலில் சொன்னதில் அது அடங்காது.

4. “சொல்லிட்டேன், இனி முடிவு பார்க்கிறவர் கையில்.”

ஐந்தில் மிக ஆபத்தானது இதுதான். கேட்பதற்கு நியாயமாக இருப்பதால் நல்லவர்களும் இதில் விழுகிறார்கள். டேலியன் கெயின், ஜார்ஜ் லோவென்ஸ்டைன், டான் மூர் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட ஒரு ஆய்வை இவர்கள் படிக்க வேண்டும். ஒரு ஜாடி நிறைய நாணயங்கள். மொத்த மதிப்பு எவ்வளவு என்று ஒருவர் தூரத்திலிருந்து ஊகிக்க வேண்டும். ஜாடியைக் கிட்டத்தில் பார்த்த இன்னொருவர் அவருக்கு ஆலோசனை சொல்வார். ஊகிப்பவரின் விடை எவ்வளவு சரியோ அவ்வளவு பணம் அவருக்கு. ஆலோசகர்களில் ஒரு பகுதியினருக்கோ, ஊகிப்பவர் எவ்வளவு கூட்டிச் சொல்கிறாரோ அவ்வளவு பணம். இந்த முரணை ஊகிப்பவரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட்டபோது என்ன நடந்தது? ஆலோசகர்கள் முன்னைவிடக் கூடுதலாக ஏற்றிச் சொன்னார்கள். சொல்லியாகிவிட்டது, அவர் பார்த்துக்கொள்ளட்டும் என்ற தெம்பு வந்துவிடுகிறது. ஊகித்தவர்களும் தள்ளுபடி செய்தார்கள், ஆனால் போதிய அளவுக்குச் செய்யவில்லை. முடிவில், ஒன்றும் சொல்லாதபோது ஆனதைவிட அவர்களுக்கு இழப்பு அதிகமானது.

அறிவிப்பு பாவமன்னிப்புச் சீட்டு ஆகிவிட்டால் அது இல்லாததைவிடக் கேடு என்று இதற்கு அர்த்தம். மாற்று மருந்து அறிவிப்பைக் கைவிடுவதில் இல்லை. அறிவித்த பிறகு பேசும் வாக்கியங்களில் இருக்கிறது. அந்த நான்கு தடவை வரியை எடுத்துக்கொள்வோம்.

பெட்டியில் போட்டிருக்கும் 20,000 எம்ஏஎச் என்பது உள்ளே இருக்கும் பேட்டரியின் அளவு. அந்த பேட்டரி 3.7 வோல்ட்டில் இயங்குவது. இரண்டையும் பெருக்கினால் 74 வாட் ஹவர். வெளியே கொடுக்கும்போது அதை 5 வோல்ட்டாக உயர்த்த வேண்டும். அந்த மாற்றத்தில் பத்து, பதினைந்து சதவீதம் சூடாகப் போய்விடும். மிஞ்சுவது 63 முதல் 67 வாட் ஹவர். 5,000 எம்ஏஎச் போனின் பேட்டரி சுமார் 19 வாட் ஹவர் கொள்ளும். போனுக்குள் ஏறும்போதும் கொஞ்சம் வீணாவதால், பவர் பேங்க்கிலிருந்து 21 அல்லது 22 எடுக்கும். வகுத்துப் பாருங்கள்: ஏறக்குறைய மூன்று தடவை வரும், நான்காவது வராது. இருபதாயிரத்தை ஐயாயிரத்தால் வகுத்த கணக்குதான் கம்பெனி எழுதிக்கொடுத்த வரி. பல பெட்டிகளின் பின்பக்கத்தில் ‘ரேட்டட் கெபாசிட்டி’ என்று பொடி எழுத்தில் பன்னிரண்டாயிரத்தை ஒட்டிய ஓர் எண் இருக்கும். உண்மையில் வெளியே கிடைப்பது அதுதான்.

சோதிப்பது சிரமமில்லை. கேபிளுக்கும் பவர் பேங்க்குக்கும் நடுவே செருகும் சின்ன யூஎஸ்பி மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. எத்தனை வாட் ஹவர் வெளியே வந்தது என்று அது காட்டும். மீட்டர் இல்லாவிட்டால், போனை அணைத்து வைத்து முழுசாக ஏற்றி, தீர்த்து, மறுபடி ஏற்றி எண்ணினாலே போதும்.

அதற்குப் பிறகு பேசும் வாக்கியம் இப்படி வரும்: “நாலு தடவைன்னு கம்பெனி சொல்றாங்க. என்னோட 5,000 எம்ஏஎச் போன்ல மூணு தடவை முழுசா ஏறுச்சு, நாலாவதுக்கு மிச்சம் இல்லை. 20,000 எம்ஏஎச்ல எந்த பிராண்டா இருந்தாலும் கிட்டத்தட்ட இப்படித்தான்.” இதில் கோபம் இல்லை, கம்பெனியைத் தாக்கவில்லை. யார் சொன்னது எது, தான் அளந்தது எது என்பது தனித்தனியாகத் தெரிகிறது. கடைசி வரி கம்பெனிக்குக்கூட நியாயம் செய்கிறது. இதே அளவுகோலால் மற்ற வரிகளையும் பிரிக்கலாம். “சூடே ஆகாது” என்பது கம்பெனியின் கூற்று. “ஒரு மணி நேரம் ஏத்தினேன், கையில பிடிக்கிற அளவுக்குத்தான் சூடு” என்பது பயன்படுத்தியவர் சொல். “வருஷக்கணக்கில் உழைக்கும்” என்று பத்து நாள் வைத்திருந்தவர் சொல்லவே கூடாது. அதற்குப் பதில், “பத்து நாளாத்தான் என்கிட்ட இருக்கு, ஒரு வருஷம் கழிச்சு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது” என்று சொன்னால் யாரும் சேனலை விட்டுப் போய்விட மாட்டார்கள்.

சட்டமும் இந்த இடத்தில்தான் கை கொடுக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், தவறாக வழிநடத்தும் விளம்பரத்தை ஆதரித்துப் பேசியவருக்கும் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். மறுபடி செய்தால் ஐம்பது லட்சம் வரை. ஆனால் கூற்று உண்மையா என்று உரிய அக்கறையோடு சரிபார்த்தவருக்கு அந்த அபராதம் இல்லை என்று அந்தச் சட்டத்தின் 21ஆம் பிரிவே சொல்கிறது. ‘ஸ்பான்சர்டு’ என்று அறிவித்ததால் தப்பிக்கலாம் என்று அதில் எங்கும் இல்லை.

தொனியைப் பற்றிப் பேசும்போது ஒரு பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஏழு நிமிடம் புகழ்ந்துவிட்டு, “ஒரே ஒரு குறை, கேபிள் கொஞ்சம் சின்னது” என்று முடிப்பது. வாங்குகிற முடிவை மாற்றாத குறையாகத் தேடி எடுத்து, நடுநிலை என்று காட்ட அதை வைப்பது. மூன்று தடவைதான் ஏறுகிறது என்ற குறையை விழுங்கிவிட்டுக் கேபிள் நீளத்தைச் சொல்வது, குறையே சொல்லாததைவிடக் கெட்டிக்காரத்தனமான ஏமாற்று. இதற்கு மறுகோடியும் வேண்டாம்: விலைபோகவில்லை என்று நிரூபிக்க, நன்றாக இருக்கும் பொருளை வலிந்து திட்டுவதும் பார்க்கிறவருக்குத் தவறான தகவல்தான். “இந்த விலைக்கு இதுதான் பெஸ்ட்” என்ற வரியோ, ஒப்பிடத் தடை உள்ள வீடியோவில் வரவே கூடாது. ஒப்பிடாதவருக்கு அதைச் சொல்ல ஆதாரம் ஏது?

5. “இப்படிப் பேசினால் எந்தக் கம்பெனி திரும்பி வரும்?”

சில வராது. அதை மறைக்க மாட்டேன். ஆறாயிரம் ரூபாய் சின்னத் தொகை என்றும் வீட்டு வாடகை கட்டுகிறவரிடம் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த வாதம் எதை ஒப்புக்கொள்கிறது என்று கவனியுங்கள். நான்காவது தடவை ஏறாது என்பது பார்க்கிறவருக்குத் தெரிந்தால் கம்பெனி பணம் தராது. தெரியாமல் இருப்பதற்குத்தான் அந்தப் பணம் என்று ஆகிறது. அப்படியானால் சந்தாதாரர் 1,800 ரூபாய் கொடுத்து வாங்கி ஏமாறுவதில் உங்களுக்கும் ஒரு பங்கு கிடைக்கிறது. அதற்கு உழைப்பின் கூலி என்று பெயர் சூட்ட முடியாது.

சண்டையை வீடியோ முடிந்த பிறகு போடாமல், பணம் வாங்கும் முன்பே பேசித் தீர்ப்பதுதான் நடைமுறை வழி. ஒப்புக்கொள்ளும் முன் மெயிலில் நான்கு வரி போதும்: “பணம் பெற்றதை வீடியோவின் தொடக்கத்தில் தமிழில் சொல்வேன். தகவல் பிழை இருந்தால் திருத்துவேன். கருத்தை மாற்ற மாட்டேன். நான் அளந்தது உங்கள் கூற்றோடு ஒத்துப்போகாவிட்டால் இரண்டையும் சொல்வேன்.” இதற்குச் சம்மதிக்கிற கம்பெனிக்கு ரிவ்யூ செய்யுங்கள். சம்மதிக்காத கம்பெனியின் பணமும் தேவைப்படுகிறதா? அப்போதும் ஒரு நேர்மையான வழி திறந்தே இருக்கிறது. விளம்பரமாகச் செய்யுங்கள். விளம்பரம் செய்து பிழைப்பதில் இழிவு எதுவும் இல்லை. பத்திரிகைகள் பல தலைமுறைகளாக அப்படித்தான் நடக்கின்றன, கட்டம் கட்டி ‘விளம்பரம்’ என்று மேலே போட்டுவிட்டு. அந்த வீடியோவிலும் மூன்றை நான்கு என்று சொல்லக் கூடாது. தொடக்கத்தில் ‘இது விளம்பரம்’ என்று சொல்ல வேண்டும். தலைப்பிலும் தம்ப்நெயிலிலும் ‘ரிவ்யூ’ என்ற சொல் இருக்கக் கூடாது.